பல கிளைகளில் புது சிஸ்டம்: ஒரே நாளில் மாற்றுவதா, கிளை கிளையாக மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்கு 12 கிளைகள், ஒரு மத்தியக் கிடங்கு. பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாமே புது சிஸ்டத்துக்குப் போகிறது. எந்த வழியில் போவது?

கிளை கிளையாகப் போங்கள் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும்: ஒரு கிளையில் தொடங்கி இன்னொரு கிளையில் முடிகிற வேலை உங்களிடம் எவ்வளவு நடக்கிறது? ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சரக்கு, ஒரு இடத்தில் வாங்கி வேறு இடத்தில் திருப்பித் தரும் பொருள், ஒரு கிளையில் கட்டிய முன்பணத்தை இன்னொரு கிளையில் கழிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்.

அது குறைவாக இருந்தால் கிளைகள் கிட்டத்தட்ட தனித்தனிக் கடைகள் மாதிரிதான், ஒவ்வொன்றாக மாற்றலாம். அதிகமாக இருந்தால், பாதிக் கிளைகள் புதிதிலும் பாதி பழையதிலும் இருக்கிற அந்த இடைக்காலம்தான் உங்கள் உண்மையான செலவு. திட்ட அறிக்கைகளில் அதற்கு ஒரு பத்திகூட இருக்காது. "கட்டம் 1, கட்டம் 2" என்று அழகாகப் பெட்டி போட்டிருப்பார்கள், இரண்டு பெட்டிக்கும் நடுவில் சரக்கு எப்படிப் போகும் என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த எண்ணை எப்படி எடுப்பது?

பழைய சிஸ்டத்தின் டேட்டாபேஸிலேயே இருக்கிறது. டேபிள் பெயர்கள் உங்கள் சிஸ்டத்தில் வேறாக இருக்கும், ஆனால் கேள்வி இவ்வளவுதான்:

```sql
SELECT from_branch, to_branch, COUNT(*) AS n
FROM stock_transfer
WHERE doc_date >= '2025-01-01'
  AND from_branch <> to_branch
GROUP BY from_branch, to_branch
ORDER BY n DESC;
```

குறைந்தது மூன்று மாத டேட்டாவை எடுங்கள், அதில் ஒரு பரபரப்பான மாதமும் இருக்கட்டும். இதே மாதிரி ரிட்டர்ன், முன்பணம், கிளை மாற்றிப் பணம் வசூலித்தது ஆகியவற்றுக்கும் எடுத்துவிட்டு, ஒரு தாளில் கிளைகளைப் புள்ளிகளாகப் போட்டுக் கோடு இழுத்துப் பாருங்கள். பொதுவாக இரண்டு வடிவங்களில் ஒன்று தெரியும்.

முதல் வடிவம்: எல்லாக் கோடுகளும் கிடங்கிலிருந்து கிளைகளுக்குப் போகும், கிளைகளுக்குள் பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டாவது: எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வடிவத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 12 கிளைகள் தங்களுக்குள் சமமாகப் பரிமாறிக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 66 ஜோடிகள். ஒரு கிளை மட்டும் புதிதுக்குப் போயிருக்கும்போது எல்லை தாண்டும் ஜோடிகள் 11. மூன்று கிளைகள் போனதும் 27. ஆறு கிளைகள் போனதும் 36. அப்புறம் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். அதாவது பைலட் கிளையில் நீங்கள் பார்க்கிற சிரமம் மொத்தச் சிரமத்தில் ஒரு பங்குதான், உச்சம் வருவது பாதி வழியில். "முதல் கிளை நன்றாகப் போச்சு, இனி பயமில்லை" என்று சொல்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நடைமுறையில் எந்த நிறுவனத்திலும் பரிமாற்றம் சமமாக இருக்காது, நாலு கிளைகள் ஒரு கூட்டமாக இருக்கும். அந்த நாலையும் ஒரே சுற்றில் மாற்றுங்கள். ஊர் வாரியாக, மேலாளர் வாரியாகப் பிரிப்பதைவிடக் கோடுகள் எங்கே குறைவாக அறுபடுகிறதோ அங்கே வெட்டுவதுதான் சரியான பிரிப்பு.

கிடங்கை முதலில் மாற்றுவதா, கடைசியிலா?

கிடங்கை மையமாகக் கொண்ட வடிவம் என்றால், நடுவில். கிடங்கை முதல் நாளே மாற்றினால் அன்றைக்கே 12 கிளைகளும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும், ஒவ்வொரு லாரியும் எல்லை தாண்டும். கடைசிவரை பழையதிலேயே வைத்திருந்தால் மாறிய கிளைகள் கூடக் கூடச் சிக்கலும் கூடி, கடைசியில் 12-ஐத் தொடும். ஆறு கிளைகள் மாறியதும் கிடங்கை மாற்றினால் எல்லை தாண்டும் கிளைகள் எப்போதும் ஆறுக்கு மேல் போகாது.

கிளை கிளையாகப் போனால் ரிஸ்க் குறைவு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

ஒரு பிழை எல்லாக் கிளைகளையும் ஒரே நேரத்தில் தாக்காது, அந்த அளவில் குறைவுதான். ஆனால் கிளை கிளையாகப் போவதற்கென்றே பிறக்கும் பிழைகள் இருக்கின்றன, ஒரேயடியாக மாற்றினால் அவை வரவே வராது. ஒன்றை முழுசாகப் பார்ப்போம்.

கிளை 3 இன்னும் பழையதில் இருக்கிறது, கிளை 7 போன வாரம் புதிதுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மாலை கிளை 3 நாற்பது பெட்டி சரக்கைக் கிளை 7-க்கு அனுப்புகிறது. பழைய சிஸ்டத்தில் ST-1187 என்று ஒரு நோட் விழுகிறது, நாற்பது பெட்டியும் கிளை 3 ஸ்டாக்கிலிருந்து கழிந்து "வழியில் உள்ளது" கணக்கில் போய் நிற்கிறது. திங்கட்கிழமை லாரி வந்து சேர்கிறது. கிளை 7-இல் இருக்கிறவர் புது சிஸ்டத்தில் ST-1187 என்று தேடுகிறார், அப்படி ஒன்று அங்கே இல்லை. வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுகிறார். அவர் என்ன செய்வார்? ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் போட்டு நாற்பது பெட்டியை ஏற்றிவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இப்போது கிளை 7-இல் அலமாரியும் திரையும் ஒத்துப்போகிறது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய சிஸ்டத்தில் அந்த நாற்பது பெட்டி என்றென்றைக்கும் வழியிலேயே இருக்கிறது. இரண்டு சிஸ்டத்தையும் கூட்டினால் எண்பது பெட்டி. கொள்முதல் பிரிவு கூட்டுத்தொகையைப் பார்த்து "சரக்கு நிறைய இருக்கே" என்று ஆர்டர் போடாமல் விடும். கணக்குப் பிரிவில் அட்ஜஸ்ட்மென்ட் லாபமாக ஏறியிருக்கும். மாத முடிவில்தான் இது தெரியவரும், அதற்குள் இதே மாதிரி நூறு நோட்டுகள் சேர்ந்திருக்கும், எது எதற்குச் சொந்தம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

அப்படியென்றால் இடைக்காலத்தை எப்படிச் சமாளிப்பது?

இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவில் ஆன்லைன் இணைப்பு எழுதலாம்தான், ஆனால் மூன்று மாதத்தில் தூக்கிப்போடப் போகிற ஒன்றுக்காகப் பழைய சிஸ்டத்தின் உள்ளே கை வைக்க எனக்கு மனசு வராது. பழையதை முழுசாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டத்தில் ஒருவரோ இருவரோதான் மிச்சம் இருப்பார்கள்.

அதற்குப் பதில் ஒரு போலிக் கிளை. பழைய சிஸ்டத்தில் "புதுப் பக்கம்" என்று ஒரு கிளை திறங்கள். புது சிஸ்டத்தில் "பழைய பக்கம்" என்று ஒன்று. எல்லை தாண்டும் சரக்கு எதுவாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் போலிக் கிளைக்குப் போக வேண்டும், அந்தப் பக்கத்தில் போலிக் கிளையிலிருந்து வர வேண்டும். வரும்போது அனுப்பிய பக்கத்தின் நோட் எண்ணை ரெஃபரன்ஸ் கட்டத்தில் கட்டாயமாகப் போட வேண்டும், காலியாக விட்டால் சேமிக்க முடியாதபடி வைத்துவிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் கிளை 7-இல் இருப்பவர் "பழைய பக்கம், ST-1187, 40 பெட்டி" என்று பதிவார். அட்ஜஸ்ட்மென்ட் போடும் உரிமையை இடைக்காலத்தில் கிளைகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். கத்துவார்கள், கத்தட்டும்.

ஒவ்வொரு நாள் இரவும் இரண்டு போலிக் கிளைகளின் பட்டியலையும் எடுத்து நோட் எண்ணை வைத்துப் பொருத்த வேண்டும். பொருந்தியதெல்லாம் போக மிச்சம் இருப்பது அன்று உண்மையிலேயே லாரியில் இருக்கும் சரக்காக இருக்க வேண்டும், வேறெதுவாகவும் இருக்கக் கூடாது. லாரி ஒரு நாளில் போய்ச் சேரும் என்றால், இரண்டு நாளைத் தாண்டிய ஒவ்வொரு நோட்டுக்கும் மறுநாள் காலை ஒரு ஃபோன் போக வேண்டும். இதைச் செய்ய ஒரு ஆள், தினம் ஒரு மணி நேரம். அந்த ஆளின் பெயரைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள், "கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தினசரி ஒப்பீட்டில் வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வித்தியாசத்தின் அளவே பாதியைச் சொல்லிவிடும். ஒரு பக்கம் 960, மறுபக்கம் 40 என்று வந்தால் விகிதம் 24. பழையதில் பெட்டிக் கணக்கு, புதிதில் பீஸ் கணக்கு, ஒரு பெட்டிக்கு 24 பீஸ் என்பது பொருள் மாஸ்டரில் ஏறவில்லை என்று அர்த்தம். இது நான் பார்த்த வரையில் மிக அதிகமாக வருவது, அதுவும் எல்லாப் பொருளிலும் வராமல் எங்கோ நாலு பொருளில் மட்டும் வந்து உயிரை எடுக்கும். சரியாக இரண்டு மடங்கு என்றால் ஒரே நோட்டை இரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், கையால் அடிக்கும்போது இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று அடித்த மாதிரி. இது எதுவும் இல்லாமல் தினம் தினம் ஒரு சின்னத் தொகை ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால், ரவுண்டிங்கைப் பாருங்கள். ஒரு சிஸ்டம் வரி வரியாக முழுமைப்படுத்தும், இன்னொன்று பில்லின் மொத்தத்தில் முழுமைப்படுத்தும்.

இவ்வளவு தலைவலிக்கு ஒரேயடியாக ஒரு வார இறுதியில் மாற்றிவிட்டுப் போகலாமே?

போகலாம், இரண்டு சிஸ்டத்தையும் இணைக்கும் போலிக் கிளைப் பாலமே தேவைப்படாது. ஆனால் அந்த வழியில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பார்க்கவே முடியாது: எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது சிஸ்டம் என்ன செய்யும் என்பது.

பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்களைப் பெரும்பாலும் ஒரே வீச்சில் புது தளத்துக்கு மாற்றியது, மொத்தம் 52 லட்சம் பேர். பின்னால் ஒழுங்குமுறை அமைப்புகள் வெளியிட்ட முடிவில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: டேட்டா சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் உடனே தடுமாறியது. கிளைகள் எல்லாமே பாதிக்கப்பட்டன, இணையத்திலும் மொபைலிலும் வாடிக்கையாளர்களால் உள்ளே போக முடியவில்லை. வழக்கமான நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் மொத்தம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது.

மாற்ற வேலையில் இருப்பவர்கள் டேட்டா மைக்ரேஷனுக்குத்தான் தூக்கம் கெடுவார்கள், எண்ணிக்கை பொருந்துகிறதா, மொத்தம் பொருந்துகிறதா என்று. அது பொருந்தியும் திங்கட்கிழமை காலை விழலாம் என்பதுதான் இந்தக் கதை. ஒரேயடியாக மாற்றுவது என்று முடிவெடுத்தால், நேரடியாக ஓடப்போகும் அதே சர்வர்களில், 12 கிளைகளின் உச்ச நேரத்து பில் வேகத்தைப் போல இரண்டு மடங்கு சுமையைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். டெஸ்ட் சர்வரில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த வார இறுதியை மணிக்கணக்கில் எப்படித் திட்டமிடுவது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். சனி இரவு 8 மணிக்குக் கடை மூடி, திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கிறோம் என்றால் கையில் 36 மணி நேரம். ஒத்திகையில் கிடைத்த நேரங்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: எல்லாக் கிளைகளும் நாள் முடித்து டேட்டா அனுப்ப 3 மணி, பேக்கப்பும் டேட்டா எடுப்பதும் 4 மணி, புதிதில் ஏற்ற 9 மணி, சரிபார்க்க 5 மணி, கிளைகளிலிருந்து ஆட்கள் உள்ளே போய் ஒரு பில் போட்டுப் பார்க்க 3 மணி. மொத்தம் 24. ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிந்துவிடும், இன்னும் 12 மணி நேரம் மிச்சம் இருக்கிற மாதிரி தெரியும்.

மிச்சம் அவ்வளவு இல்லை. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போக, அதைச் சரிபார்த்து, கிளைகளுக்குச் சொல்லி முடிக்க 6 மணி ஆகும் என்றால், திரும்புவதற்கான கடைசி முடிவு திங்கள் அதிகாலை 2 மணி. ஆக உண்மையான தாராளம் 6 மணி நேரம்தான். அதையும் முன்னால் தள்ளிப் பார்த்தால், டேட்டா ஏற்றுவது ஞாயிறு மாலை 6 மணிக்குள் முடியாவிட்டால் அன்றைக்கே கைவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின் சரிபார்ப்புக்கு 5 மணியும் கிளைச் சோதனைக்கு 3 மணியும் போனால் சரியாக 2 மணியில் வந்து நிற்கிறது. இந்த ஞாயிறு மாலை 6 மணி என்பதைத் தாளில் எழுதி, யார் "வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்வார் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு நாள் தூங்காமல் இருக்கும் ஆட்கள் "இன்னும் அரை மணி நேரம் கொடுங்க, முடிஞ்சிடும்" என்றுதான் சொல்வார்கள், அவர்களிடம் அந்த நேரத்தில் முடிவு கேட்கவே கூடாது.

திங்கள் மதியம் பிரச்சினை வந்தால் திரும்ப முடியாதா?

காகிதத்தில் முடியும். கிளைக்கு மதியத்துக்குள் 150 பில் என்றால் 12 கிளைகளுக்கும் சேர்த்து 1,800 பில் புதிதில் விழுந்திருக்கும், அத்தனையும் பழையதில் மறுபடி ஏற வேண்டும், வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் எண்கள் மாறக் கூடாது. புதிதிலிருந்து பழையதுக்கு டேட்டா கொண்டுபோக யாராவது புரோகிராம் எழுதிச் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடை திறந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு முன்னால் போகும் வழி மட்டும்தான் இருக்கிறது, அதைத் தெரிந்தே திறங்கள்.

ஒரு கிளையை மட்டும் மாற்றியிருந்தால் 150 பில். இரண்டு பேர் உட்கார்ந்து மாலைக்குள் கையால் அடித்துவிடலாம். கிளை கிளையாகப் போவதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், திரும்பிப் போவது என்பது பேச்சுக்கு இல்லாமல் நிஜமாகவே செய்யக்கூடியதாக இருக்கிறது.

சப்போர்ட்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?

உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை இதுதான். முதல் வாரத்தில் ஒரு கிளையிலிருந்து நாளைக்கு 20 ஃபோன், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்றால் கிளைக்கு 5 மணி நேரம். 12 கிளைகள் ஒரே நாளில் மாறினால் 60 மணி நேர வேலை. ஒரு ஆள் நாளில் உருப்படியாக 6 மணி நேரம் ஃபோனில் இருப்பார், ஆக பத்து பேர், அதுவும் புது சிஸ்டத்தை நன்றாகத் தெரிந்த பத்து பேர். இரண்டு கிளைகள் என்றால் இரண்டு பேர் போதும்.

அந்தப் பத்து பேரும் இரண்டாவது வாரத்துக்கு மேல் தேவைப்பட மாட்டார்கள், எனவே யாரும் அவர்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள், இருக்கிற நாலு பேரை வைத்து ஓட்டப் பார்ப்பார்கள். ஃபோன் எடுக்கவில்லை என்றால் கிளைக்காரர் சும்மா இருக்க மாட்டார், தானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார். "இதர பொருள்" என்ற ஒரே பொருள் குறியீட்டில் எல்லாவற்றையும் பில் போடுவது அந்த வகையில் பிரபலமானது. முதல் வாரத்தில் அந்தக் குறியீட்டின் விற்பனையைத் தினம் பாருங்கள், எந்தக் கிளை தடுமாறுகிறது என்பதை ஃபோன் எண்ணிக்கையைவிட அது சீக்கிரம் காட்டும்.

முதல் கிளையாக எதை எடுப்பது? சின்னது, அமைதியானது ஒன்று இருக்கிறது.

அதை எடுக்காதீர்கள். அங்கே நன்றாக ஓடும், அதிலிருந்து ஒன்றுமே தெரியவராது. நடுத்தர அளவு, மற்றக் கிளைகளோடு சரக்குப் போக்குவரத்து ஓரளவு இருக்க வேண்டும், ரிட்டர்ன் வர வேண்டும், கடன் விற்பனை இருக்க வேண்டும். மேலாளர் கொஞ்சம் வாயாடியாக இருந்தால் நல்லது, எதையும் மறைக்க மாட்டார்.

முதல் கிளைக்கும் அடுத்த சுற்றுக்கும் எவ்வளவு இடைவெளி?

ஒரு மாத முடிவைத் தாண்ட வேண்டும். பில் போடுவதில் வரும் பிழை முதல் மூன்று நாளில் வெளியே வந்துவிடும். வரிக் கணக்கு, கடன் பாக்கி, ஸ்டாக் மதிப்பு இவற்றில் இருப்பது மாதம் முடிக்கும்போதுதான் தலைகாட்டும். முதல் கிளையை மாதத்தின் ஐந்தாம் தேதிவாக்கில் மாற்றிவிட்டு, இருபதாம் தேதி "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அடுத்த நாலு கிளைகளை மாற்றினால், மாத முடிவுப் பிழையை ஐந்து இடத்தில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அதற்குப் பின் 1, 2, 4, 5 என்று வளர்வது நல்ல வேகம். இரண்டாவது சுற்று முக்கியமானது, ஏனென்றால் முதல் கிளையில் திட்டக் குழு முழுக்க உட்கார்ந்திருக்கும், எந்த சிஸ்டமும் அப்படி ஓடும். இரண்டாவது சுற்றில் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் மாறிய கிளைகள் மாற்றம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. செய்துகொடுக்கலாமா?

வேலை நிற்கிறது, பணம் தப்பாகிறது, இந்த இரண்டுக்கு மட்டும் உடனே. மற்றதெல்லாம் பட்டியலில். இல்லையென்றால் கிளை 2 பயிற்சி எடுத்த திரையும் கிளை 9 பயிற்சி எடுக்கப்போகும் திரையும் வேறு வேறாகிவிடும், பயிற்சிக் குறிப்பை வாரம் ஒருமுறை திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நாள் முன்னால் ஒரு வெளியீடு, அதற்குப் பின் அந்தச் சுற்று முடியும்வரை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

கொஞ்ச நாள் இரண்டு சிஸ்டத்திலும் பதிந்தால் பாதுகாப்பாக இருக்காதா?

கவுண்டரில் வரிசை நிற்கும்போது ஒரே பில்லை யாரும் இரண்டு தடவை போட மாட்டார்கள். மாலையில் மொத்தமாக அடிப்பார்கள், அதில் தப்பு வரும், அப்புறம் வித்தியாசம் சிஸ்டத்தினாலா ஆளினாலா என்று தேடியே வாரம் போகும். சம்பளக் கணக்கு, மாத முடிவுக் கணக்கு மாதிரி தலைமையகத்தில் நாலு பேர் செய்கிற வேலைக்கு மட்டும் இரட்டை ஓட்டம் சரிவரும்.

ஒரே நாளில் மாற்றுவதுதான் சரி என்று எப்போதாவது சொல்வீர்களா?

இரு பக்கமும் ஒரே விதியில் இருந்தே ஆக வேண்டும் என்கிற இடத்தில் சொல்வேன். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மாறியது. அதைத் தெருத் தெருவாகச் செய்திருக்க முடியாது. உங்களிடம் அந்த மாதிரி இருப்பது எது என்று பாருங்கள்: எல்லாக் கிளைகளிலும் ஒரே நொடியில் கழிய வேண்டிய வாடிக்கையாளர் இருப்பு, ஒரே ஸ்டாக்கை எல்லாக் கிளைகளும் பார்த்து விற்கும் முறை, இவை இருந்தால் போலிக் கிளை உத்தி பலிக்காது. அது இரவில் சரிபார்க்கிற முறை, இங்கே வித்தியாசம் பகலிலேயே காசாகிவிடும்.

கிளைகள் மூன்று நாலுதான் என்றாலும் ஒரே நாள் பரவாயில்லை. பாலம் கட்டுகிற செலவில் சப்போர்ட்டுக்கு ஆள் வைத்துவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பொருள் மாஸ்டர், வாடிக்கையாளர் மாஸ்டர், பொருள் குறியீடுகள் ஆகியவற்றை மட்டும் முதலிலேயே ஒரே நாளில் எல்லாக் கிளைகளுக்கும் சுத்தம் செய்து ஒன்றாக்குவது, அதுவும் பழைய சிஸ்டத்துக்குள்ளேயே. பில்லிங்கும் ஸ்டாக்கும் பின்னால் கிளை கிளையாக. குறியீடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் மேலே சொன்ன 24 பீஸ் வகைப் பிழைகள் மாற்றத்துக்கு முன்பே, சாவகாசமாக, தெரிந்த சிஸ்டத்திலேயே வெளியே வரும்.

பத்துக் கிளைகள் மாறி ஒரு வருஷம் ஆச்சு. மிச்ச இரண்டு மாறவே இல்லை. என்ன செய்வது?

கிளை கிளையாகப் போகும் திட்டங்களுக்கு இது வழக்கமாக வரும் வியாதி. பத்து கிளைகள் முடிந்ததும் திட்டக் குழுவைக் கலைத்துவிடுவார்கள், கடைசி இரண்டும் ஏதோ ஒரு விதத்தில் விசேஷமாக இருந்ததால்தான் கடைசிக்கு வந்திருக்கும். அதற்குள் அந்த இரண்டுக்காகப் பழைய சர்வர், லைசன்ஸ், தினசரி ஒப்பீடு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், பழைய சிஸ்டம் தெரிந்த ஆள் வேறு எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். அந்த மொத்தச் செலவையும் இரண்டால் வகுத்து, அந்தந்தக் கிளையின் செலவுக் கணக்கிலேயே மாதாமாதம் ஏற்றச் சொல்லுங்கள். மேலாளர்களே தேதி கேட்டு வருவார்கள்.

இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால், விசேஷக் கிளையை நடுச் சுற்றில் போடுங்கள், குழு முழுசாக இருக்கும்போது.

எல்லாம் மாறியாச்சு. பழைய சிஸ்டத்தை எப்போது அணைக்கலாம்?

மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும். போலிக் கிளைகள் இரண்டிலும் இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும், சரக்கிலும் மதிப்பிலும். பழைய பில்லுக்கு ரிட்டர்ன் வாங்கும் காலக்கெடு முடிந்திருக்க வேண்டும், அல்லது பழைய பில்கள் புதிதில் தேடக் கிடைக்க வேண்டும். ஆடிட்டர் கேட்கும் ரிப்போர்ட்டுகளைப் பழைய சர்வர் இல்லாமலேயே எடுத்துக் காட்ட முடிய வேண்டும், வெறும் பேக்கப் ஃபைல் இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது, அதைத் திறக்கும் மென்பொருள் எட்டு வருடம் கழித்து எங்கே ஓடும் என்று யோசியுங்கள்.

இவை முடிந்ததும் உடனே அழித்துவிட வேண்டாம். பதியும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டு, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி ஒரு காலாண்டு வைத்திருங்கள், யார் உள்ளே வருகிறார்கள் என்ற லாகை மட்டும் பாருங்கள். தினமும் காலை ஒருவர் வந்து ஒரே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகிறார் என்றால், அந்த ரிப்போர்ட் புதிதில் இல்லை, அதை யாரும் உங்களிடம் சொல்லவும் இல்லை.